முதல் சனிக்கிழமையும் முட்டி வீக்கமும்: நம் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள், அப்புறம் நம் குடியிருப்பில் உள்ள எல்லா வீட்டாருக்கும் வணக்கம்.

நான் சி பிளாக் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். பிசியோதெரபிஸ்ட். முட்டி, தோள், முதுகு என்று வருகிறவர்களை 16 வருடமாகப் பார்த்து வருகிறேன். சங்கக் கூட்டங்களில் நான் அதிகம் பேசியதில்லை. ஆனால் மாதத்தின் முதல் சனிக்கிழமை வீட்டு வாசல், நடைபாதை எல்லாவற்றையும் அந்தந்த வீட்டில் வேலை செய்பவர்கள் பிரஷ் வைத்துக் கையால் தேய்க்க வேண்டும் என்று நாம் போன வருடம் எடுத்த முடிவைப் பற்றி இப்போது பேசியே ஆக வேண்டும். அந்தக் கூட்டத்தில் நானும் கையைத் தூக்கினேன். உப்புக்கறை மாப் போட்டால் போகவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு 47 வயது. பெயரைப் போட வேண்டாம் என்றார், மற்றதை எழுதலாம் என்றார். நம் குடியிருப்பில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். முன்பெல்லாம் குத்த வைத்து உட்கார்ந்தே தரையைத் துடைத்துவிடுவார். இரண்டு மூன்று வருடமாக அப்படி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, முட்டிக்குள் இழுக்கிறது என்று மண்டியிட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். இடது முட்டியைத் தரையில் ஊன்றுவார், வலது பாதத்தை முன்னால் வைப்பார், இடது கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு வலது கையால் தேய்ப்பார். அதாவது உடம்பின் பாரத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு முட்டியில், அதுவும் ஈரமான டைல்ஸ் மேல்.

முட்டி வீங்கியதற்கு முந்தின நாள், அந்த மாதத்தின் முதல் சனிக்கிழமை, எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு வீட்டு வாசலுக்கு 25 நிமிடம். சனிக்கிழமைதானே, பாத்ரூமையும் சேர்த்துத் தேய்த்துவிடு என்று நான்கு வீட்டிலும் சொல்கிறார்கள். இரண்டு பாத்ரூமுக்கு 40 நிமிடம். ஒரு வீட்டுக்கு 65 நிமிடம் என்றால் நான்கு வீட்டுக்கு 4 மணி 20 நிமிடம். அந்த நான்கில் என் வீடும் ஒன்று. என் பாத்ரூமையும் அவர் மண்டியிட்டுத்தான் தேய்த்தார். அந்த நேரத்தில் நான் கிளினிக்கில் இருப்பேன், அதனால் பார்த்ததில்லை. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இடது முட்டியின் முன்பக்கம் பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி வீங்கியிருந்தது. வலி பெரிதாக இல்லை, நடக்க முடிந்தது. அதனால் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டார். இரவு மகள் எண்ணெய் போட்டு நன்றாக நீவிவிட்டாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். மறுநாள் வீக்கம் கூடியது. மெடிக்கலில் சொல்லி இரண்டு நாளுக்கு வலி மாத்திரை வாங்கினார். புதன்கிழமை பக்கத்து வீட்டம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார். அது காய்ந்து உரியும்போது தோலும் கொஞ்சம் உரிந்தது. அந்த முட்டியை வைத்துக்கொண்டே வியாழக்கிழமை மறுபடி ஒரு பாத்ரூமைத் தேய்த்தார். வெள்ளிக்கிழமை முட்டி சிவந்துவிட்டது. சனிக்கிழமை விடியற்காலையில் குளிர் காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. அப்போதுதான் எனக்குப் போன் செய்தார்.

இந்த ஏழு நாட்களில் எது எதனால் நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அது புரிந்தால்தான் கடைசியில் நான் கேட்கப்போவது ஏன் என்று புரியும்.

முட்டிச் சில்லு தோலுக்கு நேர் கீழே இருக்கிற எலும்பு. காலை மடக்கி நீட்டும்போது தோல் அந்த எலும்பின் மேல் உரசாமல் வழுக்கிப் போக வேண்டும். அதற்காக இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய பை இருக்கிறது. அதைப் பர்சா என்கிறோம். காற்று இல்லாத பலூனை உள்ளே லேசாக நனைத்து ஒட்டி வைத்த மாதிரி அது தட்டையாக இருக்கும், உள்ளே ஒரு படலம் அளவுக்குத்தான் நீர். நல்ல முட்டியில் கையால் தடவினால் அது இருப்பதே தெரியாது. மணிக்கணக்கில் அதை எலும்புக்கும் தரைக்கும் நடுவே வைத்து நசுக்கி, அதோடு முன்னும் பின்னும் தேய்த்தால், பையின் சுவர் புண்பட்டுத் தடித்து நீரைச் சுரக்கத் தொடங்கும். எலுமிச்சம்பழ வீக்கம் அந்த நீர்தான். இதற்குப் பெயர் பர்சைட்டிஸ்.

மண்டியிடுகிற விதத்தைப் பொறுத்துக்கூட வீங்கும் இடம் மாறும். கோயிலிலோ சர்ச்சிலோ நிமிர்ந்து மண்டியிட்டால் பாரம் சில்லுக்குக் கீழே, கணைக்கால் எலும்பு தொடங்கும் மேட்டில் விழும். அங்கே இருக்கிற வேறொரு பை வீங்கும். தரையைத் தேய்க்கிறவர் முன்னால் குனிந்து கையை நீட்டுவதால் பாரம் நேராகச் சில்லின் மேலேயே விழுகிறது. ஆங்கிலத்தில் முதல் வகைக்குப் பாதிரியார் முட்டி என்றும், இரண்டாவதற்கு வேலைக்காரி முட்டி, அதாவது ஹவுஸ்மெய்ட்ஸ் நீ என்றும் பழைய பெயர்கள் உண்டு. வீட்டு வேலை செய்த பெண்களிடம் மருத்துவர்கள் இதை அவ்வளவு பார்த்திருக்கிறார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010ல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலிலும், நெடுநேரம் மண்டியிட்டு இருப்பதால் வரும் முட்டிச் சில்லுப் பர்சைட்டிஸ் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. பிரிட்டனில் தாழ்வான சுரங்கங்களில் மண்டியிட்டு நிலக்கரி வெட்டியவர்களுக்கு இதே வியாதி வந்து, அங்கே அது தொழில்நோயாகவே பதிவாகியிருக்கிறது. நம் அக்காவுக்கு வந்தது வயசானால் வருகிற வலி இல்லை. வேலை கொடுத்த காயம்.

அக்கா உண்மையில் பயந்தது வேறொன்றுக்கு. தெருவில் ஒருவருக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்திருக்கிறது. தனக்கும் முட்டி தேய்ந்துவிட்டது, ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் ஒரு வாரம் எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. இந்த இரண்டையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். காலை நீட்டி உட்கார வையுங்கள். பர்சா வீங்கியிருந்தால் வீக்கம் சில்லுக்கு நேர் மேலே, தோலுக்கு உடனடியாகக் கீழே, மெத்தென்று இருக்கும். அதன் அடியில் சில்லின் ஓரம் விரலுக்குத் தட்டுப்படாது. காலை முழுசாக நீட்ட முடியும். நன்றாக மடக்கும்போதுதான் மேல்தோல் இழுபட்டு வலிக்கும். மூட்டுக்குள்ளேயே நீர் கோத்திருந்தால் கதை வேறு. சில்லின் இரண்டு பக்கமும் இருக்கிற பள்ளங்கள் நிரம்பிப் போகும், சில்லுக்கு மேலே தொடைப்பக்கம் புடைக்கும், காலை நீட்டினாலும் மடக்கினாலும் வலிக்கும். அக்காவின் முட்டியில் பக்கப் பள்ளங்கள் இரண்டும் அப்படியே இருந்தன. குத்த வைக்க முடியாத அளவுக்கு அவருக்குத் தேய்மானம் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் இந்த வீக்கத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமையே சரியாகக் கவனித்திருந்தால் இது சின்ன விஷயமாக முடிந்திருக்கும். முதல் மருந்து அந்த முட்டியை மறுபடி தரையில் வைக்காமல் இருப்பது. அது ஒன்றைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் வீக்கம் திரும்பத் திரும்ப வரும். முதல் இரண்டு மூன்று நாளுக்கு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை வைக்கலாம். தோலில் நேராக வைக்கக் கூடாது. கிரேப் பேண்டேஜை முட்டிக்குக் கீழிருந்து தொடங்கி மேலே வரை சுற்றலாம். பாதம் மரத்துப்போனாலோ நிறம் மாறினாலோ கட்டு இறுக்கம், உடனே தளர்த்த வேண்டும். உட்காரும்போது காலைத் தலையணை மேல் நீட்டி வைக்கலாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் வீக்கத்தையும் குறைக்கும், ஆனால் ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை, வயிற்றுப் புண், ஆஸ்துமா இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது. அக்காவுக்கு மெடிக்கலில் கொடுத்தபோது இதில் எதையும் யாரும் கேட்கவில்லை.

எண்ணெய் போட்டு நீவியதையும் சுடு ஒத்தடத்தையும் பற்றி வருத்தத்தோடுதான் சொல்கிறேன். மகள் அன்போடு செய்தது. ஆனால் புண்பட்ட பையை நீவினால் அது நசுங்கிய இடத்திலேயே இன்னொரு தடவை நசுங்குகிறது. புது வீக்கத்துக்குச் சூடு கொடுத்தால் ரத்த ஓட்டம் கூடி நீர் இன்னும் சேரும். சிலர் ஊசியால் குத்தி நீரை எடுத்துவிடலாம் என்கிறார்கள். வீட்டில் அதைச் செய்வது மிகவும் ஆபத்து. கிருமி இல்லாத பைக்குள் நாமே கிருமிக்கு வழி திறந்துவிடுகிறோம்.

ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் வற்றிவிடும், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். அவசரப்பட்டு மறுபடி மண்டியிடுகிறவர்களுக்குத்தான் இது நாள்பட்டுப் போகிறது. பை தடித்து, உள்ளே சின்னச் சின்னக் கட்டிகள் போல விரலில் உருளும். அப்புறம் கொஞ்சம் தேய்த்தாலும் வீங்கிவிடும். எப்படியும் போகாமல் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் பையையே எடுக்கிற அறுவை சிகிச்சை உண்டு, ஆனால் அந்த அளவுக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு.

அக்காவின் கதை வேறு பக்கம் திரும்பியது தோல் உரிந்ததால். இந்தப் பை தோலுக்கு ஒட்டியே இருப்பதால் மேலே ஒரு சின்ன வெடிப்பு இருந்தாலும் கிருமி உள்ளே இறங்கிவிடும். பெரும்பாலும் நம் தோலிலேயே இருக்கிற ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிதான். தரை தேய்க்கிறவர்களின் முட்டித் தோல் எப்போதும் சோப்புத் தண்ணீரில் ஊறியிருக்கும், ஆசிட் பட்டுக் காய்ந்து வெடித்திருக்கும், மணல் துகள் கீறியிருக்கும். அக்காவுக்கு அதோடு சுண்ணாம்பும் சேர்ந்தது. சாதாரண வீக்கம் சீழ் வீக்கமாக மாறுகிறதா என்று எப்படித் தெரியும் என்றால், புறங்கையை ஒரு முட்டியில் வையுங்கள், அப்புறம் அடுத்த முட்டியில் வையுங்கள். வீங்கியது தெளிவாகச் சூடாக இருந்தால், சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், தொட்டாலே துடித்தால், சும்மா படுத்திருக்கும்போதும் வலித்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. எல்லோருக்கும் காய்ச்சல் வருவதில்லை, குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு அறிகுறிகள் மழுங்கியே இருக்கும்.

அன்று நான் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் தோலைச் சுத்தம் செய்து ஊசியால் நீரை எடுத்தார். நல்ல பர்சைட்டிஸ் நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும். இது கலங்கிப் பழுப்பாக, கஞ்சித் தண்ணீர் மாதிரி வந்தது. என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்க அதைக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள், கூடவே கௌட் உப்புப் படிகம் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள், ஏனென்றால் யூரிக் ஆசிட் கூடினாலும் இதே இடம் இப்படிச் சிவந்து வீங்கும். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை 286 என்று வந்தது. தனக்குச் சர்க்கரை இருப்பதே அக்காவுக்கு அன்றுவரை தெரியாது. மூன்று நாள் வார்டில் வைத்து நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், பிறகு மாத்திரை, மொத்தம் 14 நாள். அந்த மாத்திரையை நடுவில் நிறுத்தக் கூடாது என்று நான் தினமும் கேட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாளே வலி குறைந்துவிடும், நிறுத்திவிடத் தோன்றும், அங்கேதான் திரும்ப வருகிறது.

ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். முட்டிவலி என்றால் ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று பலர் ஸ்டீராய்டு ஊசி கேட்டுப் போகிறார்கள். கிருமி இருக்கிறதோ என்ற சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் அந்தப் பைக்குள் ஸ்டீராய்டு போடக் கூடாது, கிருமி தறிகெட்டு வளரும். கிருமி இல்லாவிட்டாலும் முட்டிச் சில்லின் மேல் தோல் மெல்லியதாகிப்போகும் ஆபத்து இருப்பதால் டாக்டர்கள் யோசித்துத்தான் போடுவார்கள். அக்காவிடம் ஒருவர் அப்படிச் சொல்லி, 500 ரூபாய்க்குப் போட்டுவிடலாம் என்று கூப்பிட்டிருக்கிறார். அவர் போகாமல் இருந்தது நல்ல காலம்.

இப்போது சங்கத்திடம் நான் கேட்க வேண்டியதற்கு வருகிறேன்.

முதலில் அந்த உப்புக்கறை. நம் போர்வெல் தண்ணீரில் கால்சியம் உப்பு அதிகம், அது டைல்ஸ் மேல் காய்ந்து ஒட்டுகிறது. அழுத்தித் தேய்த்தால் போகும் என்று நாம் நினைக்கிறோம். அது சுண்ணாம்புப் படிவு. பிரஷ்ஷை எவ்வளவு அழுத்தினாலும் மேலே கொஞ்சம்தான் சுரண்டும், புளிப்பில் ஊறினால் கரைந்துவிடும். போன மாதம் என் வீட்டு வாசலில் நானே செய்து பார்த்தேன். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு, மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதை ஊற்றி 15 நிமிடம் விட்டேன். பிறகு நீளக் கைப்பிடி வைத்த கெட்டி முடி பிரஷ்ஷால் நின்றுகொண்டே தேய்த்து, வைப்பரால் தள்ளி, நல்ல தண்ணீர் விட்டேன். 12 நிமிட வேலை, முதுகு குனியவில்லை, முட்டி தரையைத் தொடவில்லை. பழைய கறை ஒரே தடவையில் முழுசாகப் போகவில்லை, இரண்டாவது வாரம் இன்னொரு தடவை ஊற்ற வேண்டியிருந்தது. மார்பிள், கடப்பா கல்லில் இதை ஊற்றக் கூடாது, அந்தக் கல்லையே அரித்துவிடும். அதனால் ஏ பிளாக் கீழ்த்தளத்தில் கடப்பா போட்ட பகுதிக்கு இது ஆகாது. பிளீச்சிங் பவுடர் போட்ட தரையிலும் ஊற்றக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் குளோரின் வாயு வரும். பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்கிறவருக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

எனவே முதல் சனிக்கிழமை கையால் தேய்க்க வேண்டும் என்ற தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். ஒரு மாடிக்கு நீளக் கைப்பிடி பிரஷ் இரண்டும் வைப்பர் ஒன்றும் பராமரிப்புச் செலவிலிருந்து வாங்கி மாடி அலமாரியில் வையுங்கள். எங்கள் வீட்டு பிரஷ்ஷை 320 ரூபாய்க்கு வாங்கினேன். கைப்பிடி தேய்ப்பவரின் மார்பு உயரத்துக்காவது வர வேண்டும், இல்லாவிட்டால் முட்டியிலிருந்து வலியை எடுத்து முதுகில் வைத்த கதைதான்.

மூலை முடுக்கு, வெஸ்டர்ன் டாய்லெட்டின் பின்பக்கம், பூஜை அறையில் எண்ணெய் பட்ட இடம் ஆகியவற்றுக்கு நீள பிரஷ் போகாது. அங்கே மண்டியிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் அடியில் மெத்தை வேண்டும். முட்டியில் கட்டுகிற பேடுகளைவிட, தரையில் போட்டு இழுத்துக்கொண்டே போகிற விரிப்பு நம் பெண்களுக்கு வசதி என்று பார்த்தேன். புடவையைத் தூக்கிச் செருகியபோது கட்டும் பேடு நழுவுகிறது, பின்னால் பட்டை அறுக்கிறது, ஈரமானால் உள்ளேயே உரசிப் புண்ணாக்குகிறது. பழைய யோகா மேட்டை நான்காக மடித்து, ரெக்சின் உறை தைத்து ஒன்று செய்தோம். இரண்டு அங்குலத் தடிமன், இரண்டு முட்டியும் அகலமாக வைக்கிற அளவு. மண்டியிட்டு இருக்கும்போது அடித்தரை முட்டிக்கு உறைக்கக் கூடாது, அப்படி உறைத்தால் அதன் தடிமன் போதவில்லை. வேலை முடிந்ததும் துடைத்துக் காயவைக்க வேண்டும். மெத்தை இருந்தாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து காலை நீட்டிவிட்டு, முட்டியை மாற்ற வேண்டும். மெத்தை அழுத்தத்தைக் குறைக்கும், நேரத்தைக் குறைக்காது.

இன்னொன்று சம்பளம். அக்காவுக்கு வீட்டுக்கு 2,500 வீதம் நான்கு வீட்டில் 10,000 ரூபாய். அவர் வராத ஐந்து வாரத்துக்கு இரண்டு வீட்டில் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள், ஒரு வீட்டில் வேறு ஆளை வைத்துவிட்டார்கள். யார் என்று எழுதப்போவதில்லை, அவர்களுக்கும் வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார், ஆள் இல்லாமல் முடியாது. ஆனால் இந்த வியாதியில் ஒரு வசதி உண்டு. சீழ் பிடிக்காத பர்சைட்டிஸில் நடக்கலாம், நிற்கலாம். முட்டி தரையில் படாத எந்த வேலையும் செய்யலாம்: பாத்திரம், காய் நறுக்குவது, துணி மடிப்பது, மேசை துடைப்பது. அக்கா முதல் ஞாயிறே வீக்கத்தைச் சொல்லியிருந்தால், மூன்று வாரத்துக்கு அந்த மாதிரி வேலையைக் கொடுத்துவிட்டுத் தரையை நாமே நீள பிரஷ்ஷால் முடித்திருக்கலாம். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் அவர் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அந்தப் பயத்தால்தான் அந்த முட்டியை மறுபடி தரையில் வைத்தார். முட்டி வீங்கியது என்று சொன்னால் மூன்று வாரத்துக்குத் தரை வேலை இல்லை, சம்பளம் பிடிப்பதும் இல்லை, வேறு ஆள் வைப்பதும் இல்லை என்று சங்கம் ஒரு தீர்மானமாக எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். வாய்ச் சொல்லாக இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

அக்கா இப்போது வேலைக்கு வருகிறார். ஆறாவது வாரம் வீக்கம் வற்றிவிட்டது, கட்டைவிரலால் சில்லின் மேல் அழுத்தினாலும் வலிக்கவில்லை. படுத்துக்கொண்டு முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, காலை நீட்டி ஐந்து நொடி அதை அழுத்திப் பிடிப்பது, பத்துத் தடவை, காலையும் மாலையும். தொடைத் தசை மெலிந்துவிடாமல் இருக்க அந்தப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தேன், விடாமல் செய்கிறார். மண்டியிடுவதற்கு மட்டும் இன்னும் ஒரு மாதம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார், அடுத்த பரிசோதனை மாதக் கடைசியில். அந்தக் காலைக் காட்டும்போது, "மேடம், சில்லு இப்போ கைக்குத் தெரியுது பாருங்க" என்றார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்குப் பொதுக்கூட்டம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. இந்த விஷயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி செயலாளருக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். அன்று பிரஷ், வைப்பர், ரெக்சின் விரிப்பு, ஒரு பாக்கெட் எலுமிச்சை உப்பு எல்லாவற்றையும் நான் கொண்டுவருகிறேன். கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் பி பிளாக் லிஃப்ட் வாசலில் ஊற்றிக் காட்டுகிறேன். அங்கேதான் கறை நம் குடியிருப்பிலேயே மோசம். 15 நிமிடம் ஊறும் நேரத்தில் உங்கள் வீட்டில் தரை தேய்க்கிறவரின் இரண்டு முட்டியையும் அவர் சம்மதத்தோடு நான் பார்க்கிறேன். வர விருப்பம் உள்ளவர்களை அழைத்து வாருங்கள், கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
சி பிளாக் மூன்றாம் மாடியில் வசிக்கும் பிசியோதெரபிஸ்ட்